எரிபொருளைத் தானே விளைவிக்க வேண்டிய உலை

1,000 மெகாவாட் இணைவு ஆற்றல் தரும் ஓர் உலை ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் சுமார் 56 கிலோ டிரிட்டியத்தை எரித்துத் தீர்க்கும். இராணுவக் கிடங்குகளில் இருப்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், உலகம் முழுவதிலும் இன்று கைவசம் உள்ள டிரிட்டியம் ஏறக்குறைய 25 முதல் 30 கிலோதான். ஒரே ஓர் உலைக்கு அது ஆறு மாதத் தீனி. அணுக்கரு இணைவைப் பற்றிய செய்திகளில் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் பற்றியும் புதிய சாதனைகள் பற்றியும் நிறையப் படிக்கிறோம். எரிபொருள் எங்கிருந்து வரும் என்ற கணக்கு அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. இந்தத் துறையின் எதிர்காலம் வெப்பநிலையைவிட அந்தக் கணக்கில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் எரிபொருளைத் தெரிந்துகொள்வோம். ஹைட்ரஜனுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சாதாரண ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டான் மட்டுமே இருக்கும். அதனுடன் ஒரு நியூட்ரான் சேர்ந்தால் டியூட்டிரியம். இரண்டு சேர்ந்தால் டிரிட்டியம். டியூட்டிரியக் கருவும் டிரிட்டியக் கருவும் இணையும்போது ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை ஹீலியம் எடுத்துக்கொள்கிறது. மீதி நான்கு பங்கும் நியூட்ரானோடு போய்விடும். இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலையின் நெருப்பு அணையாமல் இருப்பது ஹீலியத்தின் பங்கால். அடுத்த நாளுக்கான எரிபொருள் கிடைப்பது நியூட்ரானால்.

டியூட்டிரியத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கனமீட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பமும் பழையது. தூத்துக்குடியிலேயே அதற்கான கனநீர் ஆலை இருந்தது. கடல்நீரே எரிபொருள் என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். மறுபாதியான டிரிட்டியம் இயற்கையில் இல்லை என்றே சொல்லிவிடலாம். அது கதிரியக்கப் பொருள். 12.3 ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்து வேறொரு வகை ஹீலியமாக மாறிவிடும். பூட்டி வைத்தாலும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு கரைந்துகொண்டே இருக்கும். எனவே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்ற யோசனைக்கு இதில் இடமில்லை.

இப்போதுள்ள கையிருப்பு பெரும்பாலும் கனடாவின் கனநீர் அணுமின் நிலையங்களில் இருந்து வந்தது. அங்கே கனநீரில் உள்ள டியூட்டிரியம் அவ்வப்போது ஒரு நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகிவிடும். ஊழியர்களின் பாதுகாப்புக்காக அதைக் கனநீரிலிருந்து நீக்கியாக வேண்டும். ஒன்டாரியோவின் டார்லிங்டன் நிலையத்தில் அதற்கென்றே ஓர் ஆலை இருக்கிறது. நம் கல்பாக்கம் அணுமின் நிலையமும் கனநீர் உலைதான், அங்கும் டிரிட்டியம் உருவாகிறது. ஆனால் அப்படிப்பட்ட ஓர் உலை ஆண்டு முழுக்க ஓடினாலும் கிடைப்பது நூறு கிராம் சொச்சம். இணைவு உலைக்கோ ஒரு நாளைக்கே 150 கிராம் வேண்டும்.

இவ்வளவு சிரமமான பொருளை ஏன் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? டியூட்டிரியத்தையே டியூட்டிரியத்தோடு இணைக்கக் கூடாதா? இணைக்கலாம், இயற்பியல் தடுக்கவில்லை. ஆனால் நம்மால் எட்ட முடிகிற வெப்பநிலைகளில் அந்த வினை டிரிட்டியத்தோடு நடக்கும் வினையைவிடச் சுமார் நூறு மடங்கு மெதுவாக நடக்கிறது. அந்த நூறு மடங்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைப் புரிந்துகொள்ள, பற்றவைப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் லாசன் 1955-இல் ஓர் உள் அறிக்கை எழுதினார். அப்போது அது இரகசியம், 1957-இல்தான் வெளியானது. அதில் அவர் செய்தது வரவு செலவுக் கணக்கு. சூடான பிளாஸ்மாவிலிருந்து வெப்பம் தொடர்ந்து வெளியே கசிகிறது. உள்ளே நடக்கும் இணைவு ஆற்றலைத் தருகிறது. வரவு செலவை எப்போது ஈடுகட்டும் என்று அவர் கேட்டார். நியூட்ரானுக்கு மின்னேற்றம் கிடையாது. காந்தப்புலத்துக்குக் கட்டுப்படாமல் பிளாஸ்மாவை விட்டு நேராகச் சுவருக்குப் போய்விடும். உள்ளேயே தங்கிச் சூடேற்றுவது ஹீலியம் கரு மட்டும். ஆகவே மொத்த ஆற்றலில் அந்த ஐந்தில் ஒரு பங்கு, கசிந்து போகும் வெப்பம் முழுவதையும் ஈடுசெய்ய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் வெளியிலிருந்து சூடேற்றத் தேவையில்லை. அந்த நிலையைத்தான் பற்றவைப்பு என்கிறோம்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று எண்களின் பெருக்கல் ஒன்று கிடைக்கிறது: பிளாஸ்மாவின் அடர்த்தி, அதன் வெப்பநிலை, வெப்பத்தை அது தக்கவைக்கும் நேரம். மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். பிளாஸ்மா எத்தனை நேரம் நீடித்தது என்பதை அது சொல்வதில்லை. சூடேற்றுவதை நிறுத்தினால் உள்ளிருக்கும் வெப்பம் எவ்வளவு விரைவில் வடிந்துபோகும் என்பதைச் சொல்கிறது. ஒரு பிளாஸ்மா ஐந்து நிமிடம் எரிந்தாலும், அதன் தக்கவைப்பு நேரம் அரை விநாடிதான் என்று இருக்கலாம். செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். டோகமாக் என்ற காந்தக் கூண்டு வகை உலையில் ஒரு கனமீட்டருக்கு 10²⁰ எரிபொருள் கருக்கள் இருக்கலாம். இது நாம் சுவாசிக்கும் காற்றைவிட இரண்டரை லட்சம் மடங்கு மெல்லியது. வெப்பநிலை சுமார் 17 கோடி டிகிரி என்று வைப்போம்; சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரிதான். இந்த இரண்டும் அமைந்துவிட்டால், பற்றவைக்கத் தேவையான தக்கவைப்பு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. இயற்பியலாளர்கள் இந்தப் பெருக்கலை ஒரு கனமீட்டருக்கு 3 × 10²¹ கிலோ எலெக்ட்ரான்வோல்ட்-விநாடி என்று எழுதுவார்கள். அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் அழுத்தம் வரும் என்பதால் இதை எளிமையாகவும் சொல்லலாம்: ஐந்து வளிமண்டல அழுத்தத்தை இரண்டு விநாடி தக்கவைக்க வேண்டும். ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே கிடைத்தால் பத்து விநாடி வேண்டும். வெப்பநிலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதாலும் பயனில்லை. ஓர் அளவுக்கு மேல் இணைவின் வேகம் உயர்வதைவிடக் கசிவு வேகமாக உயரும். 15 கோடி டிகிரியை ஒட்டிய பகுதிதான் மிக மலிவாகக் காரியம் முடியும் இடம்.

டியூட்டிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டால் தேவை பல மடங்கு உயர்ந்துவிடும். டிரிட்டியத்தின் தேவையே இல்லாத உலையை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் டிரிட்டியத்தோடு கூடிய சுலபமான வினைக்கே காந்தக் கூண்டுகள் இன்னும் எல்லையை எட்டவில்லை. ஜப்பானின் ஜேடி-60யூ டோகமாக் 1990-களில் தேவையில் சுமார் பாதியை எட்டியது, அதுவும் டிரிட்டியம் இல்லாமல் நடந்த சோதனையில். இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த ஜெட் 1997-இல் டிரிட்டியத்தோடு ஓடி, 24 மெகாவாட் சூடேற்றத்துக்கு 16 மெகாவாட் இணைவு ஆற்றல் தந்தது. அதே உலை 2023-இல், தன் கடைசிக் காலத்தில், ஒரே சோதனையில் 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அதற்கு எரிந்த எரிபொருள் 0.2 மில்லிகிராம்.

லேசர் வழி வேறு. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை ஒரு சிறு குண்டின் மேல் பாய்ச்சின. 3.15 மெகாஜூல் திரும்பி வந்தது. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல பல பத்தாயிரம் கோடி மடங்கு; ஆனால் தக்கவைப்பு நேரம் நூறு கோடியில் ஒரு பங்கு விநாடியையும் எட்டாது. ஒன்று மிகப் பெரியது, மற்றது மிகச் சிறியது. பெருக்கிப் பார்த்தால் லாசனின் எல்லை தாண்டப்பட்டிருந்தது. அந்த லேசர்களை இயக்க மின்தொடரிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எரிபொருள் கணக்குக்குத் திரும்புவோம். பற்றவைப்பு எல்லையைத் தாண்டிவிட்டாலே உள்ளே போன எரிபொருள் முழுக்க எரிந்துவிடும் என்று தோன்றலாம். நடப்பது வேறு. மேலே சொன்ன அடர்த்தியிலும் வெப்பநிலையிலும் ஒரு டிரிட்டியக் கரு தன் இணையைச் சந்தித்து இணையச் சராசரியாக 75 விநாடி ஆகும். ஆனால் துகள்கள் சில விநாடிகளிலேயே பிளாஸ்மாவை விட்டு வெளியேறிவிடுகின்றன. போதாததற்கு, உள்ளே செலுத்துவதில் ஒரு பகுதி மையத்தை எட்டும் முன்பே வெளியே உறிஞ்சப்பட்டுவிடும். இதையெல்லாம் கழித்தால் செலுத்திய டிரிட்டியத்தில் நூற்றில் ஒரு பங்கு எரிவதே இன்றைய டோகமாக் வடிவமைப்புகளில் எதிர்பார்க்கக்கூடியது. சிலவற்றில் அதுவும் இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். நாளொன்றுக்கு 150 கிராம் எரிக்க, நாளொன்றுக்கு 15 கிலோ டிரிட்டியத்தை உள்ளே செலுத்தியாக வேண்டும். எரியாமல் வெளியே வரும் மீதி 14.85 கிலோவை ஹீலியத்திலிருந்தும் அசுத்தங்களிலிருந்தும் பிரித்து, டியூட்டிரியத்தோடு சரியான விகிதத்தில் கலந்து, மறுபடியும் செலுத்த வேண்டும். இந்தச் சுத்திகரிப்புக்கு ஒரு நாள் பிடித்தால், உலக இருப்பில் பாதிக்கு மேல் ஒரே உலையின் குழாய்களில் சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு மணி நேரத்தில் முடித்தால் இரண்டரைக் கிலோ போதும். எனவே உலைக்கு எவ்வளவு முதலீட்டு டிரிட்டியம் வேண்டும் என்பதைப் பிளாஸ்மா இயற்பியலோடு சேர்ந்து பம்புகளும் வடிகட்டிகளும் தீர்மானிக்கின்றன. வேதிப் பொறியாளர்கள் இந்தத் துறையில் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பது வெளியே அதிகம் தெரியவில்லை.

எரிந்துபோன 150 கிராமை யார் தருவது? இங்கேதான் லித்தியம் வருகிறது. பிளாஸ்மாவைச் சுற்றி லித்தியம் அடங்கிய தடித்த போர்வை ஒன்றை அமைக்கிறார்கள். பிளாஸ்மாவிலிருந்து பறந்து வரும் நியூட்ரான் அதில் மோதுகிறது. லித்தியம்-6 என்ற வகையின் கரு நியூட்ரானை விழுங்கி, ஒரு ஹீலியமாகவும் ஒரு டிரிட்டியமாகவும் பிளக்கும். கொஞ்சம் ஆற்றலும் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு டிரிட்டியம் எரிந்தது, ஒரு நியூட்ரான் பிறந்தது, அந்த நியூட்ரான் ஒரு டிரிட்டியத்தைத் தந்தது. கேட்பதற்கு வட்டம் முழுமையாகிவிட்டது போல இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு நியூட்ரானும் லித்தியத்தைச் சந்திப்பதில்லை. சில, போர்வையைத் தாங்கும் எஃகில் மாட்டிக்கொள்ளும். சில, சூடேற்றும் கருவிகளுக்காகவும் அளவிடும் கருவிகளுக்காகவும் விட்ட துளைகள் வழியே போய்விடும். சாம்பலான ஹீலியத்தை வெளியேற்றும் அடிப்பகுதியில் போர்வை வைப்பதும் கடினம். ஆகவே நியூட்ரானைப் பெருக்கியே ஆக வேண்டும். பெரிலியம் அல்லது ஈயத்தை வேகமான நியூட்ரான் தாக்கினால் இரண்டு நியூட்ரான்கள் வெளிவரும். ஆகவே போர்வையில் லித்தியத்தோடு இந்த இரண்டில் ஒன்றைக் கலக்கிறார்கள். ஈயமும் லித்தியமும் கலந்த உருகிய கலவையை ஓடவிடுவது ஒரு வழி. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் அந்தக் கலவையில் ஆய்வு செய்து வருகிறது. லித்தியம் அடங்கிய பீங்கான் மணிகளைப் பெரிலியத்தோடு அடுக்குவது இன்னொரு வழி.

லித்தியத்தின் மற்றொரு வகையான லித்தியம்-7 பற்றி உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடியது. இயற்கை லித்தியத்தில் 92 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் லித்தியத்தில் 40 விழுக்காடு லித்தியம்-6. மீதி லித்தியம்-7 வினையில் பெரிதாகப் பங்கெடுக்காது என்று வடிவமைத்தவர்கள் கருதினார்கள். வேகமான நியூட்ரான் தாக்கினால் லித்தியம்-7 ஒரு டிரிட்டியத்தையும் தந்து, வேகம் குறைந்த ஒரு நியூட்ரானையும் திருப்பித் தரும் என்பது அவர்களின் கணக்கில் இல்லை. சுமார் 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெடித்தது. சுற்றுத்தீவுகளின் மக்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஜப்பானின் 'டைகோ ஃபுகுரியூ மாரு' என்ற மீன்பிடிக் கப்பலின் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அதன் வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அந்த ஆண்டே இறந்தார்.

அந்த வினையை இன்று போர்வை வடிவமைப்பாளர்கள் வரவில் வைக்கிறார்கள். நியூட்ரானை இழக்காமல் ஒரு டிரிட்டியம் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் வேகம் குறைந்த நியூட்ரானுக்கு லித்தியம்-7 பயன்படாது என்பதால், பெரும்பாலான வடிவங்கள் லித்தியம்-6-ஐச் செறிவூட்டிக் கேட்கின்றன. அமெரிக்கா அதை 1950-களில் ஓக் ரிட்ஜில் பாதரசத்தைக் கொண்டு செய்தது. பெருமளவு பாதரசம் அங்குள்ள மண்ணிலும் ஓடையிலும் கலந்தது. அதே முறையை இன்று யாரும் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. பாதரசம் இல்லாத, பெரிய அளவிலான மாற்று வழி இந்த எரிபொருள் சங்கிலியில் இன்னும் ஒரு வெற்றிடம்.

ஒரு டிரிட்டியம் எரிந்தால் எத்தனை டிரிட்டியம் விளைகிறது என்பதே விளைச்சல் விகிதம். எடுத்துக்கொண்ட அதே 1,000 மெகாவாட் உலைக்கு ஓர் ஆண்டுக் கணக்கு போடுவோம். விகிதம் 1.10 என்றால், 56 கிலோ எரிந்து 61.6 கிலோ விளையும்; மிச்சம் 5.6 கிலோ. குழாய்களிலும் கிடங்கிலும் 10 கிலோ இருக்கிறது என்றால் அதில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சிதைந்து போகும். கைக்கு வருவது ஐந்து கிலோ. வீட்டில் தயிர் தோய்க்கப் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போல, அடுத்த உலையை ஓட்டத் தொடங்க இந்த மிச்சம்தான் வேண்டும். இரண்டு ஆண்டில் இன்னோர் உலைக்கான 10 கிலோ தேறும். விகிதம் 1.02 ஆக இறங்கினால் மிச்சம் அரைக் கிலோ. அடுத்த உலைக்கு இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். 0.98 என்றால் விளைச்சல் எரிப்பைவிட ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். சிதைவையும் சேர்த்தால் குறைவு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அதை ஈடுகட்ட ஒரு டஜன் கனநீர் உலைகளின் முழு ஆண்டு டிரிட்டியம் வேண்டும். நூற்றில் சில பங்கு வித்தியாசம் ஒரு தொழிலையே வாழவைக்கவோ மூடவைக்கவோ செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சில பங்கு சத்தமில்லாமல் காணாமல் போகக்கூடியது. டிரிட்டியம் ஹைட்ரஜன்தானே, சூடான எஃகின் ஊடே ஊடுருவிச் செல்லும், சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஜெட் உலையின் 1997 சோதனைகளில் இது கண்கூடாகத் தெரிந்தது. அப்போது அதன் உட்சுவர் கார்பன். உள்ளே செலுத்தியது சுமார் 35 கிராம் டிரிட்டியம். சோதனைகள் முடிந்தபோது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை. கார்பனோடு சேர்ந்து படலமாகவும் துகளாகவும் உலைக்குள்ளேயே தங்கிவிட்டது. பல மாதச் சுத்திகரிப்புக்குப் பிறகும் ஒரு பகுதி மீளவில்லை. செலுத்தியதையும் மீட்டதையும் கணக்குப் பார்த்ததால்தான் இது வெளிப்பட்டது. பிறகு ஜெட் கார்பனை அகற்றிவிட்டுப் பெரிலியமும் டங்ஸ்டனும் கொண்ட சுவருக்கு மாறியது, டிரிட்டியம் தங்குவதும் வெகுவாகக் குறைந்தது.

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு அழகான ஒரு வழி உண்டு. ஒரு கிராம் டிரிட்டியம் சிதையும்போது மூன்றில் ஒரு பங்கு வாட் அளவுக்கு வெப்பம் தொடர்ந்து வரும். டிரிட்டியம் உறிஞ்சப்பட்ட கலனின் வெப்பத்தை மிகத் துல்லியமாக அளந்தால், கலனைத் திறக்காமலேயே உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் சுவரிலும் போர்வையிலும் சிதறிக் கிடப்பதை இப்படி எடைபோட முடியாது. வந்த அளவிலிருந்து சென்ற அளவைக் கழித்துத்தான் ஊகிக்க வேண்டும். தினமும் 15 கிலோ சுற்றும் உலையில் ஒரு சதவீத அளவீட்டுப் பிழை என்பது 150 கிராம். அதுவே ஒரு நாள் முழுக்க எரிந்த அளவு.

இன்றுவரை எந்த இணைவு உலையும் தான் எரித்த டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொண்டதில்லை. ஆய்வகங்களில் நியூட்ரான் மூலங்களை வைத்துச் சிறு மாதிரிகளில் விளைச்சல் அளக்கப்பட்டிருக்கிறது. கணினிக் கணக்குகள் 1.05-க்கும் 1.15-க்கும் இடையில் விடை தருகின்றன. முழுப் போர்வை ஒன்று, உண்மையான பிளாஸ்மாவைச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் ஓடிக் காட்டியது கிடையாது.

தெற்கு பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் இதில் ஒரு படியை எடுத்து வைக்கும். அதன் பிளாஸ்மா 830 கனமீட்டர் இடத்தை அடைத்தாலும், அதற்குள் இருக்கும் எரிபொருளின் எடை அரைக் கிராமைக்கூட எட்டாது. 50 மெகாவாட் சூடேற்றத்துக்கு 500 மெகாவாட் இணைவு ஆற்றல் என்பது இலக்கு. அதில் ஹீலியத்தின் பங்கு 100 மெகாவாட், அதாவது வெளியிலிருந்து தரும் வெப்பத்தைப் போல இரண்டு மடங்கு. பற்றவைப்பு என்று அதைச் சொல்ல முடியாது; ஆனால் பிளாஸ்மா முக்கியமாகத் தன் சொந்தச் சூட்டில் எரிவதை முதன்முறையாக நீண்ட நேரம் பார்க்கலாம். போர்வை விஷயத்தில் ஐட்டர் இன்னும் அடக்கமானது. தனக்கான டிரிட்டியத்தை அது விளைவிக்கப் போவதில்லை, வெளியிலிருந்தே வாங்கும். சுவரில் நான்கு இடங்களில் மட்டும் சோதனைப் போர்வைகளைப் பொருத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு டிரிட்டியம் தருகிறது, அதில் எவ்வளவை வெளியே எடுக்க முடிகிறது, எவ்வளவு குளிர்விக்கும் குழாய்க்குள் ஊடுருவுகிறது என்று அளப்பார்கள்.

2024-இல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி ஐட்டரில் டிரிட்டியம் நுழைவது 2039-இல். புதிதாக ஒரு கிராமும் சேராவிட்டால், 2024-இல் 25 கிலோவாக இருந்த கையிருப்பு அந்த ஆண்டில் சிதைவினாலேயே 11 கிலோவுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதை மேலே தூக்கிப் பிடிப்பவை கனடாவின் கனநீர் உலைகள். அவற்றுக்கும் வயதாகிறது. எவை புதுப்பிக்கப்படும், எவை மூடப்படும் என்பதை ஒன்டாரியோவின் மின்தேவை தீர்மானிக்கிறது.